ஒரு வருடம் மெக்கானிக்கல் படித்துவிட்டு புள்ளியியலுக்கு மாறுவது சரியா?

நடுவழி
மெக்கானிக்கலில் முதல் வருடம் முடித்துவிட்டேன். 160 கிரெடிட்டில் 40 கையில் இருக்கிறது, எதிலும் பெயில் இல்லை. ஆனால் மனசு முழுக்கப் புள்ளியியல் பக்கம். அதே பல்கலைக்கழகத்திலேயே மாற முடியும். மாறினால் ஒரு வருட உழைப்பு வீண், மாறாவிட்டால் இன்னும் மூன்று வருடம் பிடிக்காததைப் படிக்கணும். எதை வைத்து முடிவெடுப்பது?

கூர்முனை
மாறுங்கள், இன்றைக்கே. போன வருடம் போய்விட்டது, நீங்கள் இருந்தாலும் திரும்பி வராது, போனாலும் திரும்பி வராது, அப்புறம் அதைக் கணக்கில் சேர்ப்பதே தப்பு. 1985-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆர்க்ஸ், ப்ளூமர் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு நாடக அரங்கில் இதைச் சோதித்திருந்தார்கள். சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி, யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாடகம்தான், கொடுத்த காசு மட்டும் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. உங்களை இழுப்பதும் அதேதான்.

படித்துறை
ஒரு வருடத்தில் ஒரு துறையைப் பற்றி என்ன தெரிந்துவிடும், சொல்லுங்கள். முதல் வருடம் மெக்கானிக்கலே கிடையாது. இயற்பியல், வேதியியல், கணிதம், டிராயிங், வொர்க்ஷாப், எல்லாத் துறைக்கும் பொதுவான அடித்தளம். தெர்மோடைனமிக்ஸையும் இயந்திர வடிவமைப்பையும் தொடாமலேயே மெக்கானிக்கல் பிடிக்கவில்லை என்பது, வாசலில் நின்று பார்த்துவிட்டு வீடு பிடிக்கவில்லை என்பதுபோல இருக்கிறது. நான் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இரண்டாம் வருடத்தில் முகம் மலர்ந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன், முடித்துவிட்டு மேற்படிப்பில் மாறிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை
படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்றால் நான் வேண்டாம் என்பேன். கையில் ஒரு பட்டமாவது இருக்கட்டும். என் தம்பி பாதியில் நின்றுவிட்டு இப்போது ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறான்.

நடுவழி
@வெள்ளிக்கிழமை அக்கா, நான் படிப்பை விடவில்லை. ஒரு படிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைத்தான் கேட்டேன்.

ஏட்டுச்சுவடி
நான் ஒரு பல்கலைக்கழகத்தில் கிரெடிட் மதிப்பீடு செய்யும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். இங்கே இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சறுக்குகிறது. கூர்முனை சொல்வதுபோல உழைப்பு போனது போனதுதான், ஆனால் அந்த உழைப்பில் ஒரு பகுதி கிரெடிட்டாக உறைந்து இன்னும் கையில் இருக்கிறது, அது கடந்த காலம் இல்லை. அதேசமயம் "40 கிரெடிட் வைத்திருக்கிறேன்" என்பதும் கணக்கு ஆகாது. ஏற்றுக்கொள்ளப்படும் கிரெடிட் வேறு, பட்டத்துக்கு எண்ணப்படும் கிரெடிட் வேறு. மாறி வந்த பிள்ளைகள் என் மேசை முன் நின்று அழுததில் பாதி இந்த வித்தியாசத்தால்தான்.

நடுவழி, முதல் வருடம் என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட் என்று போடுங்கள்.

நடுவழி
கணிதம் இரண்டு தாள் சேர்த்து 8. இயற்பியல் 4, அதன் லேப் 2. வேதியியல் 4, டிராயிங் 4, வொர்க்ஷாப் 2, புரோகிராமிங் 4, மெக்கானிக்ஸ் 4, கம்யூனிகேஷன் 4, எலக்ட்ரிகல் அடிப்படை 4. புள்ளியியல் துறையின் விதிமுறைப் புத்தகத்தில் திறந்த விருப்பப் பாடத்துக்கு மொத்தம் 8 கிரெடிட்தான் என்று இருக்கிறது.

ஏட்டுச்சுவடி
அந்த எட்டுதான் இங்கே முக்கியம். புள்ளியியலின் கட்டாயப் பாடங்களுக்கு நேராகப் பொருந்துவது கணிதம் 8, புரோகிராமிங் 4, கம்யூனிகேஷன் 4, ஆக 16. அதுவும் சிலபஸ் ஒத்துப்போனால்தான், பாடத்தின் பெயரை யாரும் பார்ப்பதில்லை, உள்ளே என்ன நடத்தினார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். விருப்பப் பாட ஒதுக்கீட்டில் இயற்பியலையும் மெக்கானிக்ஸையும் வைத்தால் 8. மொத்தம் 24. மீதி 16 கிரெடிட் மதிப்பெண் பட்டியலில் அழகாக இருக்கும், பட்டத்துக்கு ஒன்றும் செய்யாது. 40-ம் "ஏற்கப்பட்டது" என்று கடிதம் வரும், அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இனி முன்னோக்கி எண்ணுங்கள். மெக்கானிக்கலில் மீதி 120, செமஸ்டருக்கு 20 என்றால் ஆறு செமஸ்டர். புள்ளியியலில் மீதி 136, அதே வேகத்தில் ஏழு. ஆக, மாறுவதன் விலை ஒரு வருடம் இல்லை, ஒரு செமஸ்டர். அந்த ஒரு செமஸ்டரைத்தான் உங்கள் ஆர்வத்துக்கு எதிரே தராசில் வைக்கணும்.

கூர்முனை
அப்படியானால் நான் சொன்னதுதானே? ஒரு செமஸ்டருக்காக மூன்று வருடம் கஷ்டப்படுவதா?

ஏட்டுச்சுவடி
அவசரப்படாதீர்கள், கிரெடிட் எண்ணிக்கை பாதிக் கதைதான். எந்தப் பாடத்தை முடித்தால் எதற்குள் நுழையலாம் என்ற சங்கிலி ஒன்று இருக்கிறது. புள்ளியியலில் பொதுவாக நிகழ்தகவு முடித்தால்தான் அனுமானம், அது முடித்தால் ரெக்ரஷன், அதன்பின் மல்டிவேரியேட், கடைசியில் புராஜெக்ட். புராஜெக்ட் இரண்டு செமஸ்டர் என்றால் சங்கிலி மொத்தம் ஆறு செமஸ்டர் நீளம், எத்தனை கிரெடிட் கொண்டுவந்தாலும் அதைச் சுருக்க முடியாது. நடுவழி, உங்கள் இடத்தில் நிகழ்தகவு எந்த செமஸ்டரில் நடக்கிறது?

நடுவழி
ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும். அடுத்தது மூன்றாவது செமஸ்டர், விட்டால் ஐந்தாவது.

ஏட்டுச்சுவடி
பயந்த மாதிரியே இருக்கிறது. மூன்றில் ஆரம்பித்தால் சங்கிலி எட்டில் முடியும், மீதிக் கிரெடிட்டோடு ஒன்பதில் வெளியே வந்துவிடலாம். "இன்னும் ஒரு செமஸ்டர் யோசிக்கலாம்" என்று நிகழ்தகவு எடுக்காமல் விட்டால் ஐந்தில் ஆரம்பித்து பத்தில் முடியும். போன வருடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆனால் வீணாகப் போகும் ஆபத்தில் இருப்பது வரப்போகிற செமஸ்டர்தான்.

தாழ்வாரம்
நான் இதை அனுபவித்தவன். உயிரி தொழில்நுட்பத்திலிருந்து பொருளாதாரத்துக்கு மாறினேன், யாரும் எனக்கு இப்படி எண்ணிக் காட்டவில்லை. அதைவிட மோசமான விஷயம், என் உதவித்தொகை எட்டு செமஸ்டருக்கு மட்டும், எந்தத் துறை என்று அது பார்க்கவில்லை, முதல் வருடமும் அந்த எட்டில் சேர்ந்துவிட்டது. ஒன்பதாவது செமஸ்டருக்குக் கடன் வாங்கினேன், கடைசி வருடம் முழுக்க இரவு வேலை. மாறியதில் வருத்தம் இல்லை. ஆனால் ஒரு செமஸ்டர்தானே என்று யாராவது லேசாகச் சொன்னால் இன்னும் கோபம் வருகிறது.

படித்துறை
தாழ்வாரம் சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அப்புறம் ஆர்வம் என்கிறீர்களே, அது ஆர்வமா இல்லை டிராயிங் ஹாலிலிருந்து தப்பிக்கும் ஆசையா என்று எப்படித் தெரியும்? புள்ளியியலில் எது பிடித்தது, தம்பி?

நடுவழி
புரோகிராமிங் லேபில் ஒரு தரவுத் தொகுப்பு கொடுத்து சராசரியும் பரவலும் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான் மட்டும் அதோடு நிறுத்தாமல், ஓரத்தில் விலகி நின்ற புள்ளிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். அதிலிருந்துதான்.

படித்துறை
நல்ல அடையாளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது புள்ளியியலின் இனிப்பான பகுதி. மூன்றாம் வருடத்தில் ஒரு எஸ்டிமேட்டர் ஏன் மாதிரி பெரிதாகப் பெரிதாகச் சரியான மதிப்பை நெருங்குகிறது என்று பக்கம் பக்கமாக நிரூபிக்கணும், கணினி இருக்காது, வெறும் தாளும் பேனாவும்தான். அந்த வருடத்துப் பயிற்சித் தாள் ஒன்றை வாங்கிப் பாருங்கள். விடை தெரியவேண்டாம், எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். அதேபோல மெக்கானிக்கல் மூன்றாம் வருடத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுதான் நியாயம்.

ஏட்டுச்சுவடி
இந்தச் சோதனையை முழுமனதோடு வழிமொழிகிறேன். இன்னொரு வழியும் இருக்கிறது. மாறாமலேயே மூன்றாவது செமஸ்டரில் மெக்கானிக்கல் மாணவராக நிகழ்தகவை விருப்பப் பாடமாக எடுங்கள். கூடவே மூன்றாவது கணிதத் தாள் எப்படியும் வரும், அது இரண்டு துறைக்கும் பொருந்தும். ஆக 8 கிரெடிட் எந்தப் பக்கம் போனாலும் எண்ணப்படும், சங்கிலியும் அறுபடாது. டிசம்பருக்குள் அந்தத் துறையின் உண்மையான பாடம் ஒன்றை முழுசாகப் படித்திருப்பீர்கள்.

இது இலவசம் என்று சொல்லமாட்டேன். அந்த செமஸ்டரின் மீதி 12 கிரெடிட் மெக்கானிக்கல் பாடங்கள், மாறினால் அவை போகும். அப்போது கையில் 32, மீதி 128. செமஸ்டருக்கு 20 என்றே போனால் பத்தாவதில் முடியும், 21, 22 என்று எடுத்தால் இப்போதே மாறியவரைப் போல ஒன்பதில் முடிக்கலாம்.

கூர்முனை
இதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்தால் தெர்மோவும் கெடும், நிகழ்தகவும் கெடும். நிகழ்தகவில் மதிப்பெண் குறைந்தால் புள்ளியியல் துறை இவரை எடுக்குமா? தெளிவாகத் தெரிந்தபின் எதற்குத் தயக்கம்?

ஏட்டுச்சுவடி
மதிப்பெண் பற்றிய கவலை நியாயமானது, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. சீசனின் இரண்டாம் பாதியில் முழு விலைக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது. கொடுத்ததன் வலி சில மாதங்களில் ஆறிவிடுகிறது. தேர்வு முடிந்த வாரத்தில் எடுக்கும் முடிவு, அந்த வலி உச்சத்தில் இருக்கும்போது எடுப்பது. அதனால்தான் ஒரு செமஸ்டர் தள்ளிப் பார்க்கச் சொல்கிறேன், ஆனால் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு.

தாழ்வாரம்
எதைச் செய்தாலும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே கட்டாயமா, விருப்பமா, எண்ணப்படாதா என்று இருக்கணும். எனக்கு வாயால் சொன்னவர் அடுத்த வருடம் அந்த இடத்தில் இல்லை. முதல் வருட சிலபஸை இப்போதே எடுத்து வையுங்கள், பிறகு புது சிலபஸ் வந்தால் பழையதைத் தேடி அலையணும்.

நடுவழி
இன்று துறை அலுவலகத்துக்குப் போனேன். கணிதமும் புரோகிராமிங்கும் எண்ணப்படும் என்றார்கள். கம்யூனிகேஷனுக்கு சிலபஸ் கேட்டார்கள், மெக்கானிக்ஸ் விருப்பப் பாடமாக வருமா என்பதை துறைத் தலைவர்தான் சொல்லணுமாம். நிகழ்தகவில் வெளித்துறை மாணவர்களுக்கு ஆறு இடம்தான், பதிவு திங்கட்கிழமை. உதவித்தொகை விதியை இனிமேல்தான் படிக்கணும். மூன்றாம் வருடத் தாள் இரண்டும் வாங்கிவிட்டேன், புள்ளியியல் தாளில் இரண்டாவது கேள்வி ஒன்றுமே புரியவில்லை, ஆனாலும் மூடி வைக்க முடியவில்லை.

படித்துறை
மெக்கானிக்கல் தாள்?

நடுவழி
இன்னும் திறக்கவில்லை ஐயா. இன்று இரவு திறக்கிறேன்.