கலைச்சொல் வேண்டும்: முடியாத கட்டட ஒப்பந்தத்தில் முன்பே தெரிந்துவிட்ட நட்டம்

செல்வி, சித்தூர் (பாலக்காடு)

வணக்கம். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்காக பி.காம். கணக்கியல் குறிப்பு எழுதுகிறேன். கட்டடம் பாதியில் நிற்கும்போதே செலவு ஒப்பந்தத் தொகையைத் தாண்டும் என்று தெரிந்துவிட்டால், அந்த நட்டத்தை ‘ஃபோர்ஸீயபிள் லாஸ்’ என்கிறோம். ‘முன்கூட்டிய நட்டம்’ என்று எழுதலாமா?

ரங்கநாதன், கோவை

வேண்டாம் அம்மா. பின்னால் வர வேண்டிய நட்டம் அவசரப்பட்டு வந்துவிட்டது போல ஒலிக்கிறது. முன்கூட்டி நடப்பது கணக்கில் எழுதுவதுதான். நான் தணிக்கையில் காட்டும் கணக்கையே சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 2 கோடி, விலை ஏறினாலும் கூட்டித் தருவதாக விதி இல்லை. மொத்தச் செலவு 1 கோடி 80 லட்சம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். முதல் ஆண்டில் 45 லட்சம் செலவானது, அதாவது கால் பங்கு வேலை. 50 லட்சம் வருவாய் எழுதி 5 லட்சம் லாபம் காட்டினார்கள்.

இரண்டாம் ஆண்டில் இன்னொரு 45 லட்சம். மார்ச் 31 அன்று மீதி வேலையை இன்றைய கம்பி, எம்-சாண்ட் விலையிலும் இன்றைய கூலியிலும் போட்டுப் பார்த்தால் இன்னும் 1 கோடி 35 லட்சம் வேண்டும். மொத்தச் செலவு 2 கோடி 25 லட்சம், நட்டம் 25 லட்சம்.

2 கோடி 25 லட்சத்தில் 90 லட்சம் ஆகியிருப்பதால் முடிந்த வேலை 40 விழுக்காடு. அதற்கான வருவாய் 80 லட்சம், செலவு 90 லட்சம். இதுவரை தெரியும் நட்டம் 10 லட்சம்தான். மீதி 15 லட்சத்தையும் அதே நாளில் ஒதுக்கிவிட வேண்டும். போன ஆண்டு காட்டிய 5 லட்சம் லாபமும் திரும்புவதால் இந்த ஆண்டின் ஏட்டில் மட்டும் 30 லட்சம் நட்டம் விழும். அடுத்த ஆண்டு 120 லட்சம் வருவாய், 135 லட்சம் செலவு. அந்த 15 லட்சத்தை ஒதுக்கீடு ஈடுகட்ட, நட்டம் சுழி.

பிரபு, சென்னை

சார், வேலை எவ்வளவு முடிந்ததோ அவ்வளவு நட்டத்தைத்தானே எழுதணும்? 40 விழுக்காடு என்றால் 10 லட்சம். முழுசையும் எழுதக் கூடாது என்று வகுப்பில் படித்தேன்.

ரங்கநாதன்

நீங்கள் படித்தது வருமான வரிக் கணக்கு, தம்பி. அதற்கான விதித் தொகுப்பான ஐசிடிஎஸ் 3 முழு நட்டத்தை உடனே கழிக்க விடாது, வேலையின் அளவுக்குத்தான் விடும். ஏட்டுக் கணக்குக்கு உரிய கணக்கியல் தரமான ஏஎஸ் 7 நேர்மாறு. வேலை தொடங்காவிட்டாலும், மொத்தச் செலவு மொத்த வருவாயைத் தாண்டும் என்பது பெரும்பாலும் உறுதியானால் முழுதையும் எழுது என்கிறது. ஏட்டில் 25, வரியில் 10 என்று இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்பது அதனால்தான்.

முருகேசன், வேலந்தாவளம்

நான் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். என் பில்லும் எட்டு மாசமா வராமல் கிடக்கு. அந்த நட்டத்தை இப்படி எழுதலாமா? அப்புறம், கொல்லங்கோட்டு வேலையில் எனக்கு லாபம் வருதே, அதோடு கழிச்சுக்கலாம்தானே? நாங்க இதைக் ‘கை கடிக்கிற வேலை’ன்னு சொல்வோம். அதையே வையுங்களேன்.

ரங்கநாதன்

அண்ணே, பில் வராதது வேறு கதை. அது வாராக்கடன் பக்கம் போகும். கொல்லங்கோட்டு லாபத்தையும் இதில் கலக்க முடியாது. இரண்டும் ஒரே பேரத்தில் பேசி, ஒரே வேலையாக நடந்தால்தான் சேர்த்துப் பார்க்கலாம்.

பெரும்பாலும் இடறுவது வேறு இடத்தில். நட்டத்தை மறைக்க, “உரிமையாளரிடம் 20 லட்சம் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம்” என்று அதையும் வருவாயில் சேர்த்துவிடுவார்கள். கேட்டது போதாது, பேச்சு முற்றி அவர் ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். அதனால் நான் முதலில் கேட்பது கடிதப் போக்குவரத்தைத்தான். அடுத்து, மீதி வேலை மதிப்பீட்டில் போட்ட கம்பி விலையைக் கடைசி மாத பில்லோடு ஒப்பிடுவேன். பழைய மதிப்பீட்டிலிருந்து ஆன செலவைக் கழித்து, மிஞ்சியதை ‘மீதிச் செலவு’ என்று போட்டிருந்தால் அங்கேயே பிடிபடும்.

செல்வி

அப்படியானால் 25க்கு ஒரு சொல், 15க்கு ஒரு சொல் வேண்டும். ‘வருநட்டம்’ எப்படி? வினைத்தொகை என்பதால் வந்த 10, வரப்போகும் 15 இரண்டையும் தாங்கும். ஏட்டில் தனியாக நிற்கும் 15 ‘வருநட்ட ஒதுக்கீடு’.

பிரபு

‘வருவாய்’ பக்கத்திலேயே ‘வருநட்டம்’ வந்தால் தேர்வில் குழப்பிக்கொள்வார்கள். ‘எதிர்பார்க்கும் நட்டம்’ போதாதா?

ரங்கநாதன்

அந்தச் சொல்லை வங்கிக் கடன் இழப்புக்கு வைத்திருக்கிறார்கள், இடிக்கும். எனக்கு ‘தெரிநட்டம்’ பிடிக்கிறது, ஆனால் 15க்கும் 25க்கும் வேறுபாடு அதில் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செல்வி

குறிப்பில் இப்போதைக்கு ‘வருநட்டம்’ என்றே போடுகிறேன். முருகேசன் அண்ணன் சொன்ன ‘கை கடிக்கிற வேலை’யையும் எடுத்துக்காட்டில் வைக்கிறேன், பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் புரியும். ‘ஒதுக்கீடு’ வேண்டாம், ‘ஒதுக்கம்’ என்று எழுது என்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.