எண்ணெயிலிருந்து எடுத்த தண்டு மீண்டும் சூடேறுகிறது: பயாட் எண்ணா, ஃபூரியர் எண்ணா காரணம்?

கருப்பூர் மாணவன்

வணக்கம். சேலத்தில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வகத்தில் செய்த சோதனை ஒன்று குழப்புகிறது.

50 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் உள்ள 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டை உலையில் 300 டிகிரிக்குச் சூடேற்றினோம். பிறகு, கலக்கிக்கொண்டே இருக்கும் 30 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் இரண்டு நிமிடம் மூழ்கவைத்து எடுத்தோம். கையேட்டில் எண்ணெய்க்கு வெப்பம் தாவும் குணகம் h = 640, எஃகின் வெப்பக் கடத்துதிறன் k = 16, அடர்த்தி 7900, வெப்ப ஏற்புத்திறன் 500 என்று கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் எஸ்.ஐ. அலகு.

தண்டு முழுவதும் ஒரே சூட்டில் இருப்பதாகக் கொள்ளும் லம்ப்டு முறையில் போட்டால் 120 வினாடி முடிவில் 87 டிகிரி வருகிறது. மேற்பரப்பில் பற்றவைத்த தெர்மோகப்பிள் 91 காட்டியது. நன்றாகப் பொருந்துகிறது என்று மகிழ்ந்தோம். ஆனால் தண்டை வெளியே எடுத்துப் பலகையில் வைத்த அரை நிமிடத்துக்குள் அதே தெர்மோகப்பிள் 105 வரை ஏறிவிட்டது. அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை. வெப்பம் எங்கிருந்து வந்தது?

ஃபூரியர் எண்ணையும் பார்த்துவிட்டேன். ஆரத்தை வைத்துப் போட்டால் 0.78. அது 0.2-ஐத் தாண்டிவிட்டதால், உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? பயாட் எண் தொடக்கத்தில் அதிகமாக இருந்தாலும் நேரம் போகப் போகக் குறைந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி

எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளியை உருக்கிக் கம்பியாக வார்த்துத் தண்ணீரில் முக்கி எடுத்தால் கையில் பிடிக்கலாம். எடுத்த பிறகு ஒருநாளும் சூடு ஏறியதில்லை. உங்கள் தெர்மோகப்பிள்தான் பழுது. மாற்றிப் பாருங்கள் தம்பி.

டிப்ளமோ இறுதியாண்டு

விதி எளிது. லம்ப்டு முறைக்கு இரண்டு நிபந்தனை: பயாட் எண் 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும், ஃபூரியர் எண் 0.2-க்கு மேலே இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டாவது சரி, முதலாவது தவறு. அதனால் விடை செல்லாது. பயாட் எண் நேரத்தோடு மாறவே மாறாது. அதன் சூத்திரத்தில் t என்ற எழுத்தே இல்லை.

இரும்பாலை ரோடு பட்டறை

தம்பி, வெப்பப் பதப்படுத்தும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் சொல்கிறேன். தெர்மோகப்பிளைக் குறை சொல்ல வேண்டாம். அது உண்மையைத்தான் காட்டியிருக்கிறது. எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மேற்பரப்பு 91 ஆக இருந்தாலும், தண்டின் நடுமையம் 125-க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அந்தச் சூடுதான் வெளியே வந்து 105 ஆனது.

முதலில் பயாட் எண். தண்டுக்குள் வெப்பம் நடுவிலிருந்து விளிம்புக்கு வருவதற்கு ஒரு தடை இருக்கிறது; விளிம்பிலிருந்து எண்ணெய்க்குத் தாவுவதற்கு இன்னொரு தடை. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பயாட் எண். ஆரத்தை நீளமாக எடுத்தால் உங்களுக்கு 640 × 0.025 / 16, அதாவது சரியாக 1. தடை இரண்டும் ஏறக்குறைய சமம். அப்படியானால் வெப்பநிலைச் சரிவில் ஒரு பகுதி எஃகுக்குள்ளேயே நடந்துதான் தீர வேண்டும். அதே தண்டை அசையாத காற்றில் தொங்கவிட்டால் h சுமார் 20. பயாட் எண் 0.03. அங்கே காற்றுதான் தடுக்கிறது, எஃகு தடுப்பதில்லை. மேற்பரப்புக்கும் நடுவுக்கும் சில டிகிரிதான் வித்தியாசம் இருக்கும்.

இந்தக் கணக்கு எதிலும் நேரம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நேரம் வருவது ஃபூரியர் எண்ணில்:

```
Bi = h r / k
Fo = α t / r²      α = k / (ρ c)
```

உங்கள் எஃகுக்கு α சுமார் 0.00000405. 120 வினாடிக்கு Fo 0.78, நீங்கள் போட்டது சரிதான். அந்த எண் சொல்வது, மேற்பரப்பில் நடந்த மாற்றம் நடுமையம் வரை எட்டிவிட்டது என்பதை மட்டுமே. எட்டிவிட்டது என்றால் சமமாகிவிட்டது என்று பொருளில்லை. 0.2 என்ற எல்லையும் லம்ப்டு முறைக்கு உரியதே இல்லை. துல்லியத் தீர்வாக வரும் தொடரின் முதல் உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதாவது ஹெய்ஸ்லர் வரைபடத்தைக் கொண்டு, விடை காணலாமா என்பதற்கான எல்லை அது. டிப்ளமோ தம்பி சொன்ன இரண்டாவது நிபந்தனை வேறு வீட்டுக்கு உரியது. பயாட் எண் சிறிதாக இருந்தால் ஃபூரியர் எண்ணைப் பார்க்காமலே லம்ப்டு முறையைப் பயன்படுத்தலாம்.

இப்போது உங்கள் தண்டு. உருளைக்கு Bi = 1 என்றால் அட்டவணையில் முதல் மூலம் 1.2558, குணகம் 1.2071.

```
நடுமையம்:   1.2071 × exp(-1.577 × 0.78) ≈ 0.354
மேற்பரப்பு:  0.354 × 0.643 ≈ 0.228
```

300-க்கும் 30-க்கும் உள்ள இடைவெளி 270 டிகிரி. எனவே நடுமையம் சுமார் 126, மேற்பரப்பு சுமார் 91. குறுக்குவெட்டு முழுவதையும் சராசரி பார்த்தால் 108 வருகிறது. வெளியே எடுத்ததும் காற்றுக்குப் போகும் வெப்பம் மிகக் குறைவு. தண்டு தன்னைத் தானே சமப்படுத்திக்கொண்டு அந்தச் சராசரியை நோக்கிப் போகிறது. அதற்கு ஆகும் நேரமும் ஃபூரியர் எண்ணில்தான் இருக்கிறது: இந்தத் தண்டுக்கு Fo 0.2 என்பது சுமார் 31 வினாடி. நீங்கள் சொன்ன அரை நிமிடம் அதுதான். 108-க்குப் பதில் 105-இல் நின்றது, காற்றிலும் ஒட்டியிருந்த எண்ணெயிலும் போன வெப்பத்தால் இருக்கலாம்.

லம்ப்டு முறை 87 என்றது 91-க்குப் பக்கத்தில் வந்தது தற்செயல். அந்த முறை சொல்லும் வெப்பநிலை முழுத் தண்டுக்கும் ஆனது. ஆகவே ஒப்பிட வேண்டியது 108-ஓடு. 21 டிகிரி பிழை. தண்டு முழுவதும் ஒரே சூட்டில் இருப்பதாகக் கொள்வதால், மேற்பரப்பு உண்மையில் இருப்பதைவிடச் சூடாக இருப்பதாகவும், எண்ணெய்க்குக் கூடுதல் வெப்பம் போவதாகவும் கணக்கு ஏமாறுகிறது.

கருப்பூர் மாணவன்

ஐயா, மிக்க நன்றி. இரண்டே நிமிடத்தில் எடுக்காமல் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் சமமாகியிருக்குமா? அப்போது பயாட் எண் குறைந்ததாகச் சொல்லலாமா?

இரும்பாலை ரோடு பட்டறை

போட்டுப் பாருங்கள். 300 வினாடியில் Fo 1.94. நடுமையம் 45, மேற்பரப்பு 40. வித்தியாசம் 35-இலிருந்து 5 டிகிரியாகக் குறைந்துவிட்டது. ஆனால் எண்ணெயின் 30-ஐக் கழித்துவிட்டு விகிதம் எடுங்கள்: இரண்டாவது நிமிடத்திலும் 0.64, ஐந்தாவது நிமிடத்திலும் 0.64. அந்த விகிதத்தைப் பிடித்து வைத்திருப்பது பயாட் எண். மொத்தமும் சேர்ந்து எவ்வளவு இறங்கிவிட்டது என்பதை நகர்த்துவது ஃபூரியர் எண். சமமானதுபோல் தெரிவது, இறங்க வேண்டிய சூடு தீர்ந்துபோனதால்தான். உள்தடை எங்கும் போகவில்லை.

வெள்ளிப் பட்டறை அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அனுபவம் சரி, உலோகம் வேறு. தூய வெள்ளி இந்த எஃகைவிட ஏறக்குறைய 26 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், கம்பியும் மெல்லியது. 10 மி.மீ. கம்பிக்கு, தண்ணீர் இந்த எண்ணெயைப்போல மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தை இழுத்தாலும், பயாட் எண் 0.02-ஐ ஒட்டித்தான் வரும். உள்ளே ஒளிந்திருக்கச் சூடு இல்லாததால் மீண்டும் ஏறுவதில்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி

அப்படியா. வெள்ளியில் செம்பு கலந்தால்?

இரும்பாலை ரோடு பட்டறை

கடத்தும் திறன் குறையும். ஆனாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் நிலைக்கு இறங்காது.

டிப்ளமோ இறுதியாண்டு

ஐயா, ஒரு சந்தேகம். 0.1 எல்லையைப் பார்க்கும்போது எங்கள் ஆசிரியர் ஆரத்தை எடுக்கச் சொல்லவில்லை. பருமனை மேற்பரப்பால் வகுத்து 12.5 மி.மீ. எடுக்கச் சொன்னார். அப்போது பயாட் எண் 0.5 ஆகிறது. எது சரி?

ஏற்காடு சாலை ஆசிரியை

இதை நான் சொல்கிறேன், வகுப்பில் ஆண்டுதோறும் வரும் குழப்பம். லம்ப்டு சூத்திரத்தில் அடுக்கில் வருவது Bi × Fo. அது சரியாக இருக்க வேண்டுமானால் இரண்டிலும் பருமன் வகுத்தல் மேற்பரப்பையே வைக்க வேண்டும்: 0.5 × 3.11 = 1.56, 87 டிகிரி வந்தது இப்படித்தான். ஒரு மாணவன் பயாட்டுக்கு 12.5 மி.மீ., ஃபூரியருக்கு 25 மி.மீ. வைத்தால் பெருக்கல் 0.39 ஆகிவிடும், தண்டு 213 டிகிரியில் இருப்பதாக விடை வரும். இரண்டுக்கும் ஆரத்தையே வைத்தாலும் தப்பில்லை என்று சிலர் நினைப்பார்கள். உருளைக்கு அது பாதி அடுக்கைத்தான் தரும். மாறாக, ஹெய்ஸ்லர் வரைபடத்துக்குப் போனால் இரண்டிலும் ஆரம். எந்த வழியில் போகிறோமோ அந்த வழியின் நீளத்தை இரண்டிலும் கடைப்பிடிக்க வேண்டும்.

0.1 எல்லையைப் பொறுத்தவரை, நான் ஆரத்தை வைத்தே பார்க்கச் சொல்வேன். கடுமையான சோதனை, ஆனால் பாதுகாப்பானது.

இரும்பாலை ரோடு பட்டறை

அதில் எனக்கு உடன்பாடில்லை அம்மா. பருமன் வகுத்தல் மேற்பரப்பே போதும், 0.1 என்பது கத்தி வைத்து வெட்டிய கோடு அல்ல. மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடிதான்.

கருப்பூர் மாணவன்

நடுமையத்தை நேரில் அளக்கலாம் என்று யோசிக்கிறேன். தண்டின் ஒரு முனையிலிருந்து அச்சு வழியே 150 மி.மீ. ஆழத்துக்கு மெல்லிய துளையிட்டு தெர்மோகப்பிளைச் செருகினால் போதுமா?

ஏற்காடு சாலை ஆசிரியை

போதும், ஆனால் முனை உலோகத்தைத் தொட வேண்டும். துளைக்குள் எண்ணெய் புகாதபடி வாயை அடைக்க வேண்டும். எண்ணெய் புகுந்துவிட்டால் நடுமையம் மேற்பரப்பைப்போலவே இறங்குவதாகக் காட்டும். லம்ப்டு முறைதான் சரி என்று மறுபடியும் நம்பிவிடுவீர்கள். நீளம் விட்டத்தைப்போல ஆறு மடங்கு என்பதால், முனைகள் வழியே போகும் வெப்பம் நடுவில் பெரிதாகப் பாதிக்காது.

இரும்பாலை ரோடு பட்டறை

ஒன்றை விட்டுவிட்டோம். பயாட் எண் மாறவே மாறாது என்று தம்பி சொன்னது, h மாறாதிருக்கும் வரையில்தான். 300 டிகிரி எஃகு எண்ணெயில் இறங்கியதும், எண்ணெயின் தன்மையைப் பொறுத்து மேற்பரப்பில் ஆவிப்படலமோ கொதிப்போ வரலாம். படலம் இருக்கும்போது h குறையும், கொதிக்கும்போது எகிறும், கடைசியில் மறுபடி இறங்கும். அப்போது பயாட் எண்ணும் கூடவே மாறும். நேரம் ஓடியதால் அல்ல, தொட்டியில் நடப்பது மாறியதால். கையேட்டின் 640 எப்படி வந்தது என்று கேட்டீர்களா?

கருப்பூர் மாணவன்

கேட்டேன் ஐயா, யாருக்கும் தெரியவில்லை. ஆனால் 91 டிகிரி பொருந்துகிறதே?

இரும்பாலை ரோடு பட்டறை

முதல் அரை நிமிடம் 1000, பிறகு 500 என்று இருந்தாலும் மேற்பரப்பு அந்தப் பக்கத்தில் வந்து நிற்க வாய்ப்புண்டு. ஒரே ஓர் அளவைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிய முடியாது. அடுத்த முறை மேற்பரப்பையும் நடுமையத்தையும் மூழ்கிய நொடியிலிருந்தே ஒவ்வொரு வினாடியும் பதிவு செய்யுங்கள். அரை நிமிடத்துக்குப் பிறகு, எண்ணெயின் 30-ஐக் கழித்துவிட்டு எடுத்த விகிதம் 0.64-இல் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காமல் அலைந்தால் 640 என்பதை நம்ப வேண்டாம்.