வங்கியில் வாங்கிய தங்கக் காசை 24 காரட் விலைக்கு எடுப்பவர்கள் யார்?

ஊர் மதுரை. 2012-ல் வங்கியில் வாங்கிய 10 கிராம் காசுகள் ஐந்து இருக்கின்றன: 24 காரட், 999 தூய்மை, உறை பிரிக்கவில்லை, ரசீது உண்டு. விற்று கோல்டு ஈடிஎஃப் வாங்க வேண்டும், நகைகளைத் தொடப்போவதில்லை.

வங்கியில் கேட்டாயிற்று. ரிசர்வ் வங்கி விதிப்படி காசைத் திரும்ப எடுக்க முடியாதாம். நகைக்கடையில் நகையாக மாற்றினால்தான் முழு விலை. அப்போது செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தலையில் விழும். பணமாகக் கேட்டால் 22 காரட் விலைதான் போடுகிறார்கள். 50 கிராமுக்கு ஏறக்குறைய 4 கிராம் தங்கம் அப்படியே போகிறது! பழைய தங்கம் வாங்கும் இடத்தில் உருக்கித்தான் பார்ப்போம் என்கிறார்கள்.

மூலதன ஆதாய வரிக் கணக்குக்காகப் பணம் வங்கிக் கணக்கில்தான் வரவேண்டும்.

உருக்காமல், எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் மட்டும் சோதித்து, 24 காரட் விலைக்கு ரசீதோடு வாங்கும் இடம் மதுரையிலோ திருச்சியிலோ எது?