கோ-லைவ் என்று எழுதியிருந்தேன். அந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள்

கொள்முதல்காரன்
சென்ற மாத நேர்காணல் இன்னும் மனத்தை அரிக்கிறது. மாட்யூல் கான்ஃபிகரேஷன், பயனர் பயிற்சி, புதிய மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவரும் கோ-லைவ் என வேலை விளம்பரத்தில் இருந்த மூன்றையும் அதே சொற்களில் ரெஸ்யூமில் எழுதியிருந்தேன். எஸ்ஏபி மென்பொருளின் கொள்முதல், சரக்கு மாட்யூலான எம்எம்மில் எனக்கு ஆறு ஆண்டு அனுபவம். எதிரே இருந்தவர் கோ-லைவ் வரியைப் பேனாவால் கோடிட்டு, "ஆயிரம் கிலோ பர்ச்சேஸ் ஆர்டரில் நானூறு கிலோ பழைய மென்பொருளிலேயே வந்துவிட்டது. புதியதில் எவ்வளவுக்கு ஏற்றினீர்கள்?" என்றார். அறுநூறு என்றேன். "வந்த நானூறில் முந்நூறுக்குத்தான் பில் ஆகியிருக்கிறது. மீதி நூறுக்கான பில் கோ-லைவுக்குப் பிறகு வந்தால் எதன்மேல் பதிவீர்கள்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. நான் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததே கோ-லைவ் முடிந்த மூன்றாம் வாரத்தில், டிக்கெட் பார்ப்பதற்காகத்தான்.

பத்தாண்டு எம்எம்
உங்கள் ரெஸ்யூமில் குறையே இல்லை. எம்எம் என்று மட்டும் எழுதியிருந்தவரை எனக்கு ஓர் அழைப்பும் வரவில்லை; விளம்பரச் சொற்களை அப்படியே சேர்த்த பிறகுதான் வந்தன. முதலில் வடிகட்டுபவருக்கு எம்எம் தெரியாது, சொற்கள்தான் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். மற்றதை நேர்காணலுக்கு முன் படித்துக்கொள்ளலாம்.

தேர்வுக்குழுவில் இருப்பவள்
மேலே உள்ளவர் சொல்வதில் முதல் பாதி சரி. சொல் இல்லாவிட்டால் ரெஸ்யூமே என் மேசைக்கு வராது. இரண்டாம் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும், ஏனெனில் அந்த நூறு கிலோவைப் படித்துவைத்துக்கொண்டு சொல்வது கடினம். ஆர்டரை எழுநூறுக்கு ஏற்றி, அந்த நூறைப் புதிய சிஸ்டத்தில் வரவு வைக்கலாம். அப்போது 561 மூலம் ஏற்றும் தொடக்க இருப்பில் நூறைக் குறைத்தாக வேண்டும், இல்லையெனில் சரக்கு இருமுறை கணக்கில் ஏறும். அந்த நூறு ஏற்கெனவே உற்பத்திக்குப் போயிருந்தால் குறைப்பதற்கு இருப்பே இருக்காது. அப்போது ஆர்டர் அறுநூறாகவே இருக்கும். வந்து பில்லாகாத சரக்கின் தொகையை நிதிப் பிரிவு தொடக்க நிலுவையாகக் கொண்டுவர, பில்லை அதன்மேல் நேரடியாகப் பதிவார்கள். பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் கட்ஓவர் அறையில் இருந்தவர், நிதிக்காரருடன் இதற்காக நடந்த வாக்குவாதத்தைத்தான் முதலில் சொல்வார்.

கான்ஃபிகரேஷனையும் இப்படித்தான் அறிகிறேன். ஆர்டருக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்று சொல்லும் ரிலீஸ் ஸ்ட்ராட்டஜியில் புதிய ஒப்புதலாளரைச் சேர்ப்பது டிக்கெட் வேலை; அதைத் தொடக்கத்திலிருந்து அமைத்தவரிடம், ஒரே ஆர்டரில் இரண்டு பிளான்டுகளுக்கான வரிகள் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பேன். ஆர்டரின் தலைப்பு நிலையில் பிளான்ட் மதிப்பு வெறுமையாகிவிடுவதால், வெறுமையையும் அனுமதித்த மதிப்பாகச் சேர்க்காதவரை ஸ்ட்ராட்டஜி பொருந்தாது, ஆர்டர் ஒப்புதலே இன்றி வெளியேறிவிடும். இதை ஒருமுறை பட்டவர் மறப்பதில்லை.

நண்பரே, நீங்கள் எழுத வேண்டிய வரி இது: "ஒரு கோ-லைவுக்குப் பின் மூன்றாம் வாரம் முதல் ஆதரவுப் பணி, கொள்முதல், சரக்கு வரவு தொடர்பான டிக்கெட்டுகள், தரவேற்றத்தில் பங்கில்லை." கோ-லைவ் என்ற சொல்லும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

ஸ்டோர்ஸ் பயிற்சியாளர்
கான்ஃபிகரேஷன் தெரியாமல் பயிற்சி மட்டும் கொடுப்பவர்களும் இந்தத் துறையில் உண்டு. நான் அப்படிப்பட்டவன்தான். ஒரு கோ-லைவின் முதல் நாள் காலையில் வாயிலில் லாரிகள் நின்றன. ஆர்டர் ஐம்பது மூட்டைக்கு. ஸ்டோர்கீப்பர் கையிலிருந்த எடைச்சீட்டிலோ 2,500 கிலோ. அவர் சரக்கு வரவுக்கான MIGO திரையில் 2,500 என்று தட்டினார், அலகு மூட்டையாகவே இருந்தது. வரம்பற்ற கூடுதல் வரவு அனுமதிக்கப்பட்டிருந்ததால் சிஸ்டம் தடுக்கவில்லை. மாலையில் 102 போட்டுத் திருப்பினோம். பயிற்சி வகுப்பில் நான் கொடுத்த ஆர்டர்கள் எல்லாம் கிலோவில் இருந்தன. அது என் தவறு. அடுத்த தொழிற்சாலையில், அவர்களுடைய எடைச்சீட்டுகளையே வாங்கிவந்து பயிற்சி கொடுத்தேன். என் ரெஸ்யூமில் இப்போது எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தேன் என்பதற்குப் பதிலாக இந்த வரிதான் இருக்கிறது. நீங்களும் சான்றிதழ்த் தேர்வு ஒன்றை எழுதிவிடுங்கள், அதுவும் நிதி மாட்யூலில். இந்த நூறு கிலோ சிக்கலே அங்கேதான் முளைக்கிறது.

பத்தாண்டு எம்எம்
"பங்கில்லை" என்று தானே எழுதிக்கொடுப்பவரை எந்த ஏஜென்சி முன்னே அனுப்பும்?

கொள்முதல்காரன்
அந்த ஒரு சொல்லில்தான் எனக்கும் தயக்கம். "மூன்றாம் வாரம் முதல்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, தேர்வுக்குழுவில் இருப்பவர் கேட்டால் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நேற்று அப்படியே மாற்றி இரண்டு இடங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.