ஒரே க்ளெய்முக்கு மூன்று நிலை, கணக்கில் ஒரு சதமும் இல்லை

வெள்ளவத்தைக்காரி:
அம்மாவுக்குப் பித்தப்பை ஒப்பரேசன், தனியார் வைத்தியசாலையில் மூன்று இரவு. பில்களை என் ஒபிஸ் காப்புறுதிக்குப் போட்டேன். ஸ்கிரீன்ஷொட்டில் உள்ளபடியே எழுதுகிறேன். மேலே பெரிதாக Under Review. அதன் கீழே வைத்தியசாலை பில் 155,150 ரூபா, Settled 129,500. வெளியில் எடுத்த ஸ்கான் 31,250 ரூபா, Query Raised. Settled வந்து ஒன்பது நாளாகிறது, காசு இன்னும் வரவில்லை. இதில் எதை நம்புவது?

தெஹிவளைத் தம்பி:
Settled என்றால் காசு போட்டாச்சு அக்கா. பேங்கைக் கேளுங்கள்.

கராஜ் அண்ணன்:
என் வானுக்கும் இதே Under Reviewதான். மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகுதான் மாறியது. உங்களிடம் யாராவது வந்தார்களா?

பழைய க்ளெய்ம் கிளார்க்:
அது வாகனக் கதை, இங்கே யாரும் வரமாட்டார்கள். மேலே இருப்பது முழு ஃபைலின் நிலை. உள்ளே ஒரு பில் முடியாமல் நின்றாலும் அது Under Review என்றே இருக்கும். ஆகவே ஸ்கான் வரியைப் பாருங்கள். Query Raised என்றால் பந்து உங்கள் பக்கம். நீங்கள் பதில் போடும்வரை அங்கே ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். அந்த வரியைத் திறந்தால் என்ன கேட்டிருக்கிறார்கள், எந்தத் திகதிக்குள் என்று இருக்கும். திகதி தாண்டினால் மூடிவிடவும் கூடும்.

வெள்ளவத்தைக்காரி:
திறந்தேன். ஸ்கானுக்கு டொக்டர் எழுதிய துண்டு கேட்டிருக்கிறார்கள். நான் டயக்னோசிஸ் கார்டை மட்டும்தான் போட்டிருந்தேன்! சரி, வைத்தியசாலை பில்லில் குறைந்த 25,650 ரூபா எங்கே போனது?

பழைய க்ளெய்ம் கிளார்க்:
Settled என்றால் முடிவு செய்த தொகை, கேட்ட தொகை அல்ல. அறை வாடகை எவ்வளவு, பொலிசியில் வரம்பு எவ்வளவு?

வெள்ளவத்தைக்காரி:
நாளுக்கு 22,000. வரம்பு 15,000.

பழைய க்ளெய்ம் கிளார்க்:
அப்போ நாளுக்கு 7,000, மூன்று நாளுக்கு 21,000 வெட்டு. மீதி 4,650 கையுறை, அட்மிஷன் கிட் மாதிரி மருத்துவமல்லாத சாமான்களாக இருக்கலாம். வெட்டு விவரக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், ஊகத்தில் சண்டை பிடிக்க வேண்டாம்.

தம்பி சொன்னது பாதி சரி. காசை அனுப்பச் சொல்லி அங்கே கையெழுத்தானதும் Settled என்று விழும். ஆனால் கணக்கு இலக்கம் பிழையென்றால் பேங்க் திருப்பிவிடும், திரையில் Settled மாறாமலே நிற்கும். பொலிசியில் எந்தக் கணக்கு?

வெள்ளவத்தைக்காரி:
ஐயோ. முந்தைய வேலையின் சம்பளக் கணக்கு. போன வருடமே மூடிவிட்டேன்.

தெஹிவளைத் தம்பி:
மன்னிக்கவும் அக்கா. 😅

வெள்ளவத்தைக்காரி:
துண்டின் படத்தைப் போட்டதும் ஸ்கான் வரி Under Review ஆகிவிட்டது. புதுக் கணக்கு இலக்கத்துக்கு பாஸ்புக் முதல் பக்கமும் எச்.ஆர். கடிதமும் கேட்கிறார்கள். காசு உண்மையாகவே திரும்பியதா என்று கேட்டால், பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.