தளம் கான்கிரீட்: ரெடிமிக்ஸா, கலவை இயந்திரமா? மூன்றாவது வண்டிக்கு எவ்வளவு சொல்வது?

வணக்கம். திருச்சிக்கு வெளியே 1,000 சதுர அடி வீட்டுக்கு அடுத்த வாரம் தளம் போடுகிறோம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

5 அங்குலக் கனத்துக்கு 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். பீம், சன்ஷேடு சேர்த்தால் 14.

சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி, கலவை இயந்திரம், ஆள்கூலி எல்லாம் கூட்டினால் இங்கேயே கலக்க ஒரு கன மீட்டருக்கு 6,600 ரூபாய் ஆகிறது. ரெடிமிக்ஸ் 5,800. ஆனால் பம்புக்குத் தனியாக 9,000 கேட்கிறார்கள். ஆக, சுமார் 11 கன மீட்டரைத் தாண்டினால்தான் ரெடிமிக்ஸ் லாபம். 14க்கு 2,200 ரூபாய் மிச்சம்.

சிக்கல் இனிமேல்தான். ஒரு வண்டி கொள்வது 6 கன மீட்டர். மூன்றாவது வண்டி பாதிகூட நிரம்பாது. அதற்குக் குறைசுமைக் கட்டணம் 2,500. மிச்சம் போயே போய்விட்டது! பம்புக் குழாயில் தங்குவதற்கும் பலகை தொய்வதற்கும் ஒரு கன மீட்டராவது கூடுதலாக வேண்டும் என்கிறார் மேஸ்திரி.

இரண்டாவது வண்டி இறங்கும்போது மீதிப் பரப்பை அளந்து மூன்றாவதற்குச் சொல்லலாமா? ஆலை முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது. வெயிலில் அதற்குள் ஓரம் இறுகி இணைப்பு விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அல்லது, போர்டிகோ தளத்தையும் இப்போதே சென்ட்ரிங் அடித்து அந்த வண்டியை நிரப்பிவிடுவது நல்லதா?