ஆப்ஷன் ஸ்ப்ரெட்: லாட் எண்ணிக்கையை எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. ஒரு டிரேடில் கணக்கின் 2 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்பது என் விதி. கணக்கில் 20,000 இருந்தால் வரம்பு 400.

புல் புட் ஸ்ப்ரெட் ஒன்றைப் பாருங்கள். ஸ்ட்ரைக் இடைவெளி 5, கிடைக்கும் பிரீமியம் 1.50. அதிகபட்ச நஷ்டம் 3.50, ஒரு லாட்டுக்கு 100 யூனிட் என்றால் 350. ஆகவே ஒரு லாட்தான் போட முடியும்.

ஆனால் பிரீமியம் இரட்டிப்பாகி 3.00 ஆனதும் வெளியேறினால் நஷ்டம் 150 மட்டுமே. அந்தக் கணக்கில் 2 லாட் போடலாம். சரி, மறுநாள் சந்தை இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் கீழே கேப் டவுனில் திறந்தால்? ஸ்டாப் லாஸ் உதவாது. நஷ்டம் 700 வரை போகும், அதாவது 3.5 சதவீதம். அதனால் அதிகபட்ச நஷ்டத்தை வைத்துக் கணக்கிடுவதே சரி என்று நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. ஒரே துறைப் பங்குகளில் மூன்று புட் ஸ்ப்ரெட் வைத்திருந்தால், சரிவில் மூன்றும் சேர்ந்தே விழும். அப்போது மூன்றுக்கும் சேர்த்து 2 சதவீதமா, இல்லை தனித்தனியாகவா? மொத்த ரிஸ்க்குக்கு நீங்கள் என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் உங்கள் கணக்கோடு சொல்லுங்கள்.